முன்பணம் கழிந்திருக்க வேண்டும், ஸ்டேட்மெண்டில் இன்னும் மைனஸ். எங்கே இடிக்கிறது?

நாணல்

என் முதல் நாவல் வெளிவந்து ஒரு வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிப்பகம் ராயல்டி ஸ்டேட்மெண்ட் அனுப்பும், இதுவரை இரண்டு வந்திருக்கின்றன. முதலாவதில் கடைசி வரி மைனஸ் 13,920. புதுப் புத்தகம்தானே, முன்பணம் இன்னும் கழியவில்லை என்று எடுத்து வைத்துவிட்டேன். நேற்று இரண்டாவது வந்தது. மைனஸ் 7,320. இங்கேதான் என் கணக்கு உதைக்கிறது.

ஒப்பந்தப்படி முன்பணம் 60,000. கையெழுத்துப் போட்டபோது 20,000, பிரதியை ஏற்றுக்கொண்டபோது 20,000, புத்தகம் வந்தபோது 20,000 என்று மூன்று தவணையாகக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ராயல்டி அட்டை விலையில் 10 சதவீதம். விலை 300, அப்படியானால் பிரதிக்கு 30. 60,000-ஐ 30-ஆல் வகுத்தால் 2,000 பிரதி. இரண்டு ஸ்டேட்மெண்டையும் சேர்த்தால் அச்சுப் பிரதி 2,500 போயிருக்கிறது, 180 திரும்பி வந்திருக்கிறது. மீதி 2,320. அதற்கு 69,600 வருகிறது. முன்பணம் போக எனக்கு 9,600 வர வேண்டும், மின்னூல் விற்றது தனி. ஆனால் அவர்கள் மைனஸ் காட்டுகிறார்கள்.

கேள்வி இரண்டு. பணம் எங்கே போனது? அந்த 7,320-ஐ நான் அவர்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

---

அந்திக்காகம்

முன்பணம் என்பது கடன் மாதிரிதான். புத்தகம் விற்றுக் கழிய வேண்டும், கழியாவிட்டால் கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார். இப்போது கேட்காவிட்டாலும் ஒப்பந்தம் முடியும்போது கேட்பார்கள். அதனால் 7,320-ஐத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 10 சதவீதம் என்று எழுதியிருந்தால் எல்லாப் பிரதிக்கும் 10 சதவீதம்தான். அதில் குறைத்திருந்தால் ஏமாற்று வேலை.

---

ஓலைச்சுவடி

எனக்கும் இதே அனுபவம். 500 பிரதியை நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் இன்னும் மூன்று பெட்டி கிடக்கிறது. முன்பணம் கேட்கிற பதிப்பகத்தை நம்பவே கூடாது.

---

கடைசிபெஞ்ச்

ஓலைச்சுவடி, இவருக்கு முன்பணம் *கொடுத்திருக்கிறார்கள்*. உங்களிடம் *வாங்கியிருக்கிறார்கள்*. ஆறு எதிர்த்திசையில் ஓடுகிறது ஐயா.

---

பேரேடு

ஒன்பது வருடம் ஒரு பதிப்பகத்தின் ராயல்டிக் கணக்கைப் பார்த்தவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை என்பதால் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம்.

முதலில் இரண்டாவது கேள்வி, ஏனென்றால் அந்திக்காகம் சொன்னதைப் படித்துவிட்டு நாணல் இன்றிரவு தூங்க மாட்டார். முன்பணம் கடன் அல்ல. பின்னால் வரப்போகிற ராயல்டியை முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். புத்தகம் எதிர்பார்த்த அளவு விற்காவிட்டால் அந்த நட்டம் பதிப்பகத்துடையது. வழக்கமான ஒப்பந்தத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க முடிகிற இடங்கள் குறைவு: எழுத்தாளர் பிரதியையே கொடுக்கவில்லை, அல்லது கொடுத்ததை ஏற்க முடியாது என்று நிராகரித்தார்கள், அல்லது உரிமை தன்னுடையது என்று சொன்னது பொய்யாகிப்போனது. நீங்கள் கொடுத்தீர்கள், அவர்கள் ஏற்றார்கள், அச்சிட்டார்கள். அந்த மைனஸ் என்பது இன்னும் இவ்வளவு கழிந்தால்தான் உங்களுக்குக் காசோலை என்பதற்கான அடையாளம், உங்கள் தலையில் இருக்கும் பாக்கி அல்ல. இருந்தாலும் உங்கள் ஒப்பந்தத்தில் முன்பணம் பற்றிய பத்தியில் 'திருப்பித் தர வேண்டியதில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் 'கழியாத தொகையைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதியவர்களும் உண்டு, அரிது.

பணம் எங்கே போனது என்பதற்கு ஸ்டேட்மெண்டின் எல்லா வரிகளும் வேண்டும். கடைசி வரி மட்டும் போதாது. முழுவதையும் போடுங்கள், பதிப்பகத்தின் பெயரை விட்டுவிட்டு.

---

நாணல்

நன்றி, மூச்சு வந்தது. ஒப்பந்தத்தைப் பார்த்தேன், திருப்பித் தர வேண்டியதில்லை என்று தெளிவாகவே இருக்கிறது.

முதல் ஸ்டேட்மெண்ட்: அச்சு, சாதாரண விற்பனை 1,400 பிரதி, ராயல்டி 42,000. அச்சு, உயர்கழிவு விற்பனை 600 பிரதி, ராயல்டி 8,100. மின்னூல் 240, ராயல்டி 6,000. மொத்தம் 56,100. அதற்குக் கீழே 'ரிட்டர்ன் ரிசர்வ் 20%' என்று 10,020 கழித்திருக்கிறார்கள். பிறகு முன்பணம் 60,000 கழித்து மைனஸ் 13,920.

இரண்டாவது: முந்தைய நிலுவை மைனஸ் 13,920. அச்சு, சாதாரணம் 500 பிரதி, 15,000. ரிட்டர்ன் 180 பிரதி, மைனஸ் 5,400. ரிட்டர்ன் ரிசர்வ் 20%, மைனஸ் 3,000. நிலுவை மைனஸ் 7,320. மின்னூல் ஒன்றும் இல்லை.

'உயர்கழிவு' என்றால் என்ன என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

---

பேரேடு

இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று பிடிக்காது, ஆனால் சரி. இன்னொன்று தப்பு.

பிடிக்காதது அந்த 600 பிரதி. 8,100-ஐ 600-ஆல் வகுத்தால் பிரதிக்கு 13.50. உங்களுக்கு 30 வரும் என்று நினைத்திருந்தீர்கள். ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு பத்தியில், 50 சதவீதத்துக்கு மேல் கழிவு கொடுத்து விற்றால் ராயல்டி அட்டை விலையில் அல்ல, பதிப்பகத்தின் கைக்கு வந்த பணத்தில் கணக்கிடப்படும் என்று இருக்கும். 55 சதவீதக் கழிவில் யாரோ மொத்தமாக 600 எடுத்திருக்கிறார்கள். 300-இல் 165 போய்விட்டது, வந்தது 135, அதில் 10 சதவீதம் 13.50. கணக்கு பொருந்துகிறது.

இந்தப் பத்தி இருப்பதே நியாயமா என்றால், ஓரளவு நியாயம். பாதிக்கும் மேல் கழிவு கொடுத்துவிட்டு அட்டை விலையில் ராயல்டியும் கொடுத்தால் பதிப்பகத்துக்கு அச்சுச் செலவு தேறாது. ஆனால் அந்தக் கோடு இருக்கிறதே, அதில் ஒரு படுகுழி இருக்கிறது. சரியாக 50 சதவீதத்தில் விற்றால் பதிப்பகத்துக்கு 150 வரும், உங்களுக்கு 30 கொடுத்தால் மிச்சம் 120. 55 சதவீதத்தில் விற்றால் 135 வரும், உங்களுக்கு 13.50 போனால் மிச்சம் 121.50. அதாவது வாங்குகிறவருக்குக் கூடுதலாக 15 விட்டுக்கொடுத்தும் பதிப்பகத்துக்கு ஒன்றரை அதிகமாகக் கிடைக்கிறது. விட்டுக்கொடுத்தது முழுக்க உங்கள் பையிலிருந்து. விற்பனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது மனப்பாடம். நான் பார்த்த நாட்களில் 'இன்னும் ஒரு புள்ளி கழிவு சேர்த்துக் கோட்டைத் தாண்டிவிடு' என்று அடுத்த மேசையில் வெளிப்படையாகவே பேசுவார்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் அந்த 50-ஐ 60 ஆக்கச் சொல்லுங்கள், அல்லது கோட்டைத் தாண்டினால் ஒரேயடியாக விழாமல் படிப்படியாக இறங்குகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். இந்தப் புத்தகத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.

அந்திக்காகத்துக்கு: 'எல்லாப் பிரதிக்கும் 10' என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் மட்டும்தான் உண்மை. மின்னூலையே பாருங்கள், அங்கே 240-க்கு 6,000, தலைக்கு 25. அது வேறு சதவீதம், வேறு அடிப்படை.

தப்பு எது என்று இரவு எழுதுகிறேன், இப்போது வெளியே கிளம்ப வேண்டும்.

---

மைக்கறை

பேரேடு வருவதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மைனஸ்தான், ஆனால் காரணம் வேறு. இரண்டு புத்தகத்துக்கு ஒரே ஒப்பந்தம், ஒவ்வொன்றுக்கும் 40,000 முன்பணம். முதல் புத்தகம் நன்றாகப் போனது, 52,000 ராயல்டி சேர்ந்தது. 12,000 வரும் என்று காத்திருந்தால் வரவே இல்லை. இரண்டாவது புத்தகம் 15,000-ஓடு படுத்துவிட்டது. இரண்டையும் ஒரே கணக்காகப் போட்டு, 80,000 கொடுத்தோம், 67,000தான் சேர்ந்திருக்கிறது, இன்னும் 13,000 கழிய வேண்டும் என்றார்கள். ஜெயித்த பிள்ளையின் சம்பளத்தைத் தோற்ற பிள்ளையின் பாக்கிக்கு எடுத்துக்கொண்ட கதை.

நாணலுக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம், பாருங்கள்.

---

நாணல்

ஒரே புத்தகம்தான், மைக்கறை. ஆனால் இரண்டாவது நாவலுக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது! அந்த ஒப்பந்தத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

---

மைக்கறை

என்னுடையதில் 'இந்த ஒப்பந்தத்தின் கீழ் எழுத்தாளருக்குக் கொடுக்கப்பட்ட எந்தத் தொகையையும் இந்த ஒப்பந்தத்தின் கீழ் வரும் எந்த வருவாயிலிருந்தும் கழித்துக்கொள்ளலாம்' என்று சாதுவாக ஒரு வரி இருந்தது. படித்தால் ஒன்றும் தோன்றாது. 'எந்த' என்ற சொல் இரண்டு முறை வந்தால் உஷாராகிவிடுங்கள். உங்கள் விஷயத்தில் இன்னும் மோசமாக 'இந்த ஒப்பந்தம் அல்லது வேறு எந்த ஒப்பந்தத்தின் கீழும்' என்று போட்டுவிட்டால் முதல் நாவலின் மைனஸும் இரண்டாவதன் தலையில் வந்து உட்காரும். ஒவ்வொரு புத்தகத்தின் கணக்கும் தனித்தனி என்று எழுதி வாங்குங்கள்.

---

பேரேடு

மைக்கறை சொன்னது சரி, அதில் சேர்க்க ஒன்றும் இல்லை.

இப்போது தப்புக்கு வருவோம். ரிசர்வ்.

புத்தக வியாபாரத்தில் கடைக்குப் போன பிரதி விற்ற பிரதி அல்ல. கடைக்காரர் விற்காததைத் திருப்பி அனுப்பலாம். அதனால் பதிப்பகம் முதல் ஆறு மாதத்தில் போனதெல்லாம் விற்றுவிட்டது என்று வைத்து ராயல்டி கொடுத்துவிட்டால், பின்னால் 300 பிரதி திரும்பி வரும்போது கொடுத்த பணத்தை எழுத்தாளரிடம் போய்க் கேட்க முடியாது. ஆகவே ஒரு பங்கைப் பிடித்து வைக்கிறது. முதல் ஸ்டேட்மெண்டில் அச்சு ராயல்டி 42,000-உம் 8,100-உம் சேர்ந்து 50,100, அதில் 20 சதவீதம் 10,020. சரி.

ஆனால் பிடித்து வைத்தது பிடித்துக்கொண்டது ஆகாது. திரும்பி வரக்கூடிய பிரதிகளுக்காகத்தான் அந்தப் பணம் நிற்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் நிஜமாகவே எவ்வளவு திரும்பி வந்தது என்று தெரிந்துவிடுகிறது, 180. அதற்கு 5,400 கழித்துவிட்டார்கள். அப்படியானால் அதற்காக ஒதுக்கிய 10,020 திரும்ப உங்கள் கணக்கில் ஏற வேண்டும். உங்கள் இரண்டாவது ஸ்டேட்மெண்டில் அந்த வரியே இல்லை. ஒரே ரிட்டர்ன் உங்களை இரண்டு முறை கடித்திருக்கிறது: ஒருமுறை வரலாம் என்ற பயத்தில், ஒருமுறை வந்தபோது.

திருத்திப் போடுவோம். மைனஸ் 13,920. பழைய ரிசர்வ் விடுவிப்பு பிளஸ் 10,020. புது விற்பனை பிளஸ் 15,000. ரிட்டர்ன் மைனஸ் 5,400. இந்த முறைக்கான புது ரிசர்வ் மைனஸ் 3,000. நிலுவை பிளஸ் 2,700.

மைனஸ் 7,320 அல்ல, உங்களுக்கு வர வேண்டியது 2,700. முன்பணம் கழிந்துவிட்டது. புது ரிசர்வ் 3,000-உம் உங்களுடையதுதான், அடுத்த முறை அது வெளியே வர வேண்டும். நீங்கள் முதலில் போட்ட 9,600-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த 600 பிரதிதான், அதை மின்னூல் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கிறது.

இதை யாரும் சதி செய்து போட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் ரிசர்வைப் பிடிப்பது தானாக நடக்கும், விடுவிப்பதை ஒருவர் கையால் போட வேண்டும். ஆறு மாதம் முடிகிற வாரத்தில் நூற்றுக்கணக்கான தலைப்புகள். மறப்பது எப்போதும் ஒரே திசையில் போகிறதே என்று கேட்டால், ஆமாம், போகிறது. பதிப்பகத்துக்கு நட்டமாகிற தப்பாக இருந்தால் மறுநாளே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

---

கடைசிபெஞ்ச்

ஒரு நிமிடம். முன்பணமே இன்னும் கழியாதபோது ரிசர்வ் எதற்கு? பதிப்பகத்தின் கையிலிருந்து பணம் எதுவும் வெளியே போகப்போவதில்லையே. முதல் ஸ்டேட்மெண்டில் ரிசர்வே இல்லாவிட்டாலும் மைனஸ் 3,900தான். காசோலை கிடையாது. பிறகு எதற்காக 10,020-ஐத் தனியாகப் பிடிக்க வேண்டும்?

---

பேரேடு

நல்ல கேள்வி. ஸ்டேட்மெண்ட் ஒழுங்காகப் போட்டால் அதனால் கெடுதல் இல்லை, பிடிப்பார்கள், அடுத்த முறை விடுவார்கள், கடைசியில் ஒன்றுதான். ஆனால் கழியாத காலத்தில் பிடிப்பதற்கு அர்த்தம் இல்லை என்பது என் கருத்தும்தான். யாரும் கேட்காததால் பிடிக்கிறார்கள். மைனஸ் இருக்கும்வரை எழுத்தாளர்கள் ஸ்டேட்மெண்டை உறையிலிருந்தே எடுப்பதில்லை, நாணல் முதல் தடவை செய்த மாதிரி.

---

அந்திக்காகம்

கடன் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். 180 பிரதி ரிட்டர்னுக்கு 5,400, அதாவது தலைக்கு 30 கழித்திருக்கிறார்கள். அந்த 180-இல் மொத்தமாக எடுத்த 600-இலிருந்து வந்தவை இருந்தால்? கொடுத்தது 13.50, திரும்ப எடுப்பது 30 என்று ஆகிவிடாதா?

---

பேரேடு

அடடா. இதை நான் கவனிக்கவில்லை, நீங்கள் பிடித்தீர்கள்.

ஆகும். 180-உம் அங்கிருந்து வந்தவை என்றால் கழிக்க வேண்டியது 2,430 மட்டும், 2,970 அதிகமாகக் கழித்திருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு கழிவில் மொத்தமாக எடுப்பவர்களோடு பெரும்பாலும் திருப்பித் தர முடியாது என்ற நிபந்தனையில்தான் பேசுவார்கள். அப்படியிருந்தால் 180-உம் சாதாரண விற்பனையிலிருந்து வந்தவை, 5,400 சரி. அப்போது இன்னொரு கேள்வி முளைக்கிறது: திரும்பியே வராத 600 பிரதிக்கு ஏன் ரிசர்வ் பிடித்தார்கள்? 8,100-இல் 20 சதவீதம், 1,620. இரண்டில் ஒன்று இடிக்க வாய்ப்பு இருக்கிறது. ஸ்டேட்மெண்டை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நாணல், கடிதம் எழுதும்போது சண்டை வேண்டாம், கேள்வியாகவே கேளுங்கள். முதல் ஸ்டேட்மெண்டில் பிடித்த 10,020 எந்தக் காலத்தில் விடுவிக்கப்பட்டது, 180 ரிட்டர்ன் எந்த விற்பனை வகையைச் சேர்ந்தது, ரிசர்வை எத்தனை ஸ்டேட்மெண்ட் வரை வைத்திருக்க ஒப்பந்தம் அனுமதிக்கிறது. இந்த மூன்றும் போதும். 'எனக்குப் பணம் வரவில்லை' என்று எழுதினால் ஆசிரியரிடம் போய் நிற்கும், ஆசிரியருக்கு இதில் ஒன்றும் தெரியாது. தொகையைக் குறிப்பிட்டு எழுதினால் கணக்குப் பிரிவுக்குப் போகும்.

ஒப்பந்தத்தில் ஆட்சேபணைக்கு ஏதாவது காலக்கெடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் இத்தனை மாதத்துக்குள் கேட்காவிட்டால் ஸ்டேட்மெண்டை ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்று இருக்கும்.

---

ஓலைச்சுவடி

முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஆனால் நான் வாங்கிய 500 பிரதிக்கு எனக்கு ராயல்டி உண்டா?

---

பேரேடு

பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுத்தாளர் கழிவு விலையில் வாங்குகிற பிரதிக்கு ராயல்டி கிடையாது. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. தனி இழை போடுங்கள்.

---

நாணல்

பதினோரு நாள் கழித்து வருகிறேன். பதில் வந்துவிட்டது.

ரிசர்வ் விடுவிப்பு 'விடுபட்டுவிட்டது' என்று ஒத்துக்கொண்டார்கள், அடுத்த ஸ்டேட்மெண்டில் சரிசெய்வார்களாம். ரிசர்வை ஒரு ஸ்டேட்மெண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, நானே தேடிக் கண்டுபிடித்தேன். 180 பற்றிய கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை.

அடுத்த ஸ்டேட்மெண்ட் வரை காத்திருக்கலாமா?

---

பேரேடு

வேண்டாம். ஒத்துக்கொண்ட தப்புக்கு ஏன் ஆறு மாதம்? திருத்திய ஸ்டேட்மெண்ட் ஒன்றை இப்போதே அனுப்பச் சொல்லுங்கள், 2,700-உம் அதோடு. சிறிய தொகைதான், ஆனால் அடுத்த ஸ்டேட்மெண்டின் 'முந்தைய நிலுவை' என்ற வரி எதில் தொடங்குகிறது என்பது அதைப் பொறுத்தது. மைனஸ் 7,320-இல் தொடங்கிவிட்டுக் கீழே எங்கோ சரிசெய்கிறோம் என்றால் மறுபடி யாராவது மறப்பார்கள்.

---

கடைசிபெஞ்ச்

மறுபடி அதே திசையில்.

---

மைக்கறை

இரண்டாவது நாவல் ஒப்பந்தம் என்ன ஆனது?

---

நாணல்

வரைவு வந்திருக்கிறது. 14-ஆம் பத்தி: 'இந்த ஒப்பந்தம் அல்லது தரப்பினருக்கிடையிலான வேறு எந்த ஒப்பந்தத்தின் கீழும்.' பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உயர்கழிவு 19-ஆம் பத்தி, அங்கே கோடு 50-இலிருந்து 48-க்கு இறங்கியிருக்கிறது.

180-க்கு இன்னும் பதில் இல்லை.